பொட்டலத்துக்குள் பதினேழு பிழை

மீன்மேல் கோபம் வந்து அதை ஆற்றில் முக்கிக் கொல்லப் போனவன் உலகத்தில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். ஒரு பிழைதிருத்துநரைப் பழிவாங்க எழுத்துப்பிழையை ஆயுதமாக எடுத்தேன். அதுவும் ஆத்திரத்தில் சட்டென்று எடுத்ததில்லை. நான்கு நாள் உட்கார்ந்து யோசித்து, நோட்டில் எண் போட்டு எழுதி வைத்து எடுத்தேன். அந்த உழைப்பில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்துக்குக் காட்டியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு மாலை நாளிதழின் அலுவலகத்தில் எனக்கு வேலை. மாலைப் பத்திரிகை என்றால் காலையில்தான் ஓட்டம். பதினொன்றரைக்குப் பக்கம் மூடிவிட வேண்டும். இரண்டு மணிக்குக் கடைகளில் தொங்க வேண்டும். பத்திரிகையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அச்சுப் பக்கங்களின் பிழை திருத்துவது அண்ணாச்சியின் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டியவர், முக்கூடலிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இரண்டு இருக்கும். ஒன்று தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக இரண்டு.

எனக்கும் அவருக்கும் பகை மூண்டது ஒரு சுழியால். ஆற்றங்கரையைச் சுத்தம் செய்கிற செய்தியை இணையத்தில் ஏற்றினேன். தலைப்பு: ‘தாமிரபரணிக் கரையில் தூய்மைப் பனி தீவிரம்.’ பணிக்குப் போட வேண்டிய மூன்று சுழியில் ஒன்றை மிச்சம் பிடித்துவிட்டேன். அண்ணாச்சி அதை அச்செடுத்து, ‘பனி’யைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார். கீழே தன் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘ஊழியர்கள் நாளை முதல் கம்பளி கொண்டு வரவும்.’

அது சித்திரை மாதம். மின்விசிறியே வியர்த்துக்கொண்டிருந்த நாள்.

அலுவலகம் ஒரு வாரம் சிரித்தது. அது தாங்கக்கூடியதுதான். தேநீர் கொண்டு வருபவர் மட்டும் மூன்று மாதம் விடவில்லை. கண்ணாடி டம்ளரை வைக்கும்போதெல்லாம், “சூடா குடியும் வே, வெளிய பனி கொட்டுது” என்பார். ஒவ்வொரு டம்ளருக்கும் நான் மனத்துக்குள் ஒரு கோடு போட்டேன். ஆடி மாதத்துக்குள் கோடுகள் நோட்டு கொள்ளாத அளவுக்குச் சேர்ந்துவிட்டன.

பழி வாங்கும் வாய்ப்பை மேலாளரே கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் பத்திரிகையில் ‘நெல்லை நிலவரம்’ என்று ஒரு கட்டம் வரும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம், மழை அளவு, உழவர் சந்தையில் கத்தரிக்காய் விலை எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கட்டம் அண்ணாச்சியின் சொத்து. முன்பெல்லாம் தொலைபேசியில் கேட்டு எழுதுவார். இப்போது எல்லாம் அரசு இணையதளங்களில் வந்துவிடுகின்றன. அவர் நான்கைந்து பக்கங்களைத் திறந்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் தாளில் எழுதி, தாளைப் பார்த்து எக்செல்லில் தட்டி, தட்டியதை மறுபடி தாளோடு ஒத்துப்பார்த்து முடிப்பதற்குள் மணி பதினொன்றைத் தாண்டிவிடும். பக்கம் வடிவமைப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, கட்டம் பத்தரைக்கு என் மேசைக்கு வரணும். வார திங்களை விட்டு அதுக்கு அடுத்த திங்கக்கிழமை நானே வந்து பக்கத்துல நின்னு பாப்பேன். அன்னிக்கும் முடியலேன்னா நீங்க வள்ளியூர்க் கிளைக்குப் போயி விளம்பரத்தைப் பாத்துக்கிடுங்க. இங்கன வேற ஆளைப் போட்டுக்கிடுதேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ வெப்சைட்டுக்கு ஏதோ புரோகிராம் வச்சு இதையெல்லாம் நிமிசத்துல எடுக்கியாமே. அதை இவருக்கும் குடு. ரெண்டு தட்டு தட்டுனா வேலை முடியணும். இவருக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டாம்.”

அண்ணாச்சி சட்டைப்பைப் பேனாவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். முக்கூடலிலிருந்து வள்ளியூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, அங்கே திருத்துவதற்கு ஒரு வரி கிடையாது. மனிதர் விளம்பர ரசீதைத்தான் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டேன். உள்ளே நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

என் நிரல் பைத்தான் என்கிற கணினி மொழியில் எழுதியது. இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வேண்டிய அட்டவணையை மட்டும் சுரண்டி எடுத்து, ஒரு கோப்பில் எழுதி வைக்கும். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் இரண்டு நொடி மூச்சு விடும். அரசாங்கக் கணினியைப் போட்டு உலுக்கக் கூடாது அல்லவா. இதை அண்ணாச்சிக்கு விளக்கினேன்.

“தேங்கா துருவுத மாதிரி அண்ணாச்சி. பக்கம்தான் தேங்கா. நமக்கு வேண்டியது பூ மட்டும். செரட்டையை அங்கனயே விட்டுரும்.”

“அப்போ இது துருவி.”

“துருவியேதான்.”

“எனக்குத் துருவ வருமா வே?”

“நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். ரெண்டு தட்டு.”

ஆனால் இரண்டு தட்டுக்குப் பின்னால் ஒரு சிக்கல் இருந்தது. என் கணினியில் பைத்தான் இருக்கிறது. நிரலுக்கு வேண்டிய துணை நூலகங்கள் இருக்கின்றன. அண்ணாச்சியின் கணினியில் ஒன்றும் இல்லை. அடுப்பே இல்லாத வீட்டுக்குச் சமையல் குறிப்பைக் கொடுத்து என்ன பயன்? ஆகவே குறிப்போடு அரிசி, பருப்பு, அடுப்பு, விறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. என் நிரலையும் பைத்தானையும் நூலகங்களையும் ஒன்றாகச் சுருட்டி, ஒரே ஒரு ‘எக்ஸ்இ’ கோப்பாக ஆக்கித் தரும். நான் எழுதியது பத்துப் பதினைந்து கேபி. பொட்டலம் கட்டி முடித்தபோது முப்பது எம்பியை நெருங்கியிருந்தது. விருந்தாளி ஒருவர், பின்னால் சமையல்காரர் இருபது பேர்.

கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால், செய்தி காட்ட ஒரு சின்ன வெள்ளை ஜன்னலும் வைத்தேன். என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். ‘வேலை முடிந்தது’ என்று வந்தது. கோப்பும் இருந்தது. மெயிலில் அனுப்பினால் எக்ஸ்இ கோப்பை மெயிலே தடுத்துவிடும். அதனால் பென் டிரைவில் கொண்டுபோய் அண்ணாச்சியின் திரையில் போட்டேன்.

போட்ட உடனேயே ஆண்டிவைரஸ் அதை விழுங்கிவிட்டது.

“உம்ம பொட்டலத்துல என்னமோ விஷம் இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுவே,” என்றார் அண்ணாச்சி.

“விஷம்லாம் இல்ல அண்ணாச்சி. இந்த மாதிரி சுருட்டிக் கட்டுன பொட்டலத்தைப் பாத்தா அதுக்கு எப்பவுமே சந்தேகம். உள்ள இருக்குதது வெறும் பைத்தான்.”

“பைத்தான்னா மலைப்பாம்புதானே?”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. இன்னொரு கோடு போட்டுக்கொண்டேன். கணினி பராமரிப்பவரைக் கூப்பிட்டு, அந்த ஒரு கோப்பை மட்டும் ஆண்டிவைரஸ் தொடாதபடி விலக்கு வாங்கினேன்.

அண்ணாச்சி இரண்டு தட்டு தட்டினார். ஒன்றும் வரவில்லை. பொட்டலம் தன்னைத்தானே பிரித்து, அடுப்பு மூட்டுவதற்குச் சில நொடி ஆகும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது. இது எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டேன். கதவு திறக்காத வீட்டில் அழைப்பு மணியை அழுத்துவதுபோல் அவர் தட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று ஏழு ஜன்னல்கள் திறந்து, ஏழு துருவிகள் ஒரே தேங்காய்மேல் பாய்ந்தன.

“பைய அண்ணாச்சி, பைய! ஒரு தடவை தட்டிட்டுக் கையை எடுத்துருங்க.”

ஏழையும் மூடிவிட்டு ஒன்றை ஓடவிட்டோம். ‘வேலை முடிந்தது. கோப்பு மேசைமேல் உள்ளது’ என்று வந்தது. அண்ணாச்சி ஜன்னலை மூடினார். திரை முழுக்கத் தேடினார்.

“கோப்பு இல்லையேவே.”

என் வாழ்க்கையின் பொன்னான கணம் இது என்று நினைத்தேன். எழுந்து நின்றேன். அலுவலகம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னேன்: “அண்ணாச்சி, மேசைன்னா இந்த மரமேசை இல்ல. ஸ்கிரீன்ல இருக்குத மேசை. கீழ குனிஞ்சு தேடாதீய.”

எல்லோரும் சிரித்தார்கள். தேநீர்க்காரரும் சிரித்தார். அண்ணாச்சி காதுவரை சிவந்து, தலையைக் குனிந்துகொண்டார். பனிக்குப் பதில் கொடுத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு குளுமை. அந்தக் குளுமை நாற்பது நிமிடம் நீடித்தது.

கோப்பு உண்மையிலேயே இல்லை.

இரண்டு தட்டு தட்டியதும் பொட்டலம் தன்னை விண்டோஸின் ஒரு தற்காலிக அடைவில், அதாவது ஃபோல்டரில், பிரித்து வைக்கும். அங்கே பந்தல் போட்டு, அங்கேயே சமைத்து, ஜன்னலை மூடியதும் பந்தலைப் பிரித்துத் துடைத்துவிட்டுப் போய்விடும். நான் நிரலில் ‘நிரல் இருக்கும் இடத்தில் கோப்பை எழுது’ என்று சொல்லியிருந்தேன். நிரல் இருந்த இடமோ அந்தப் பந்தல். கத்தரிக்காய் விலையும் அணை மட்டமும் பந்தலோடு சேர்ந்தே போய்விட்டன. அப்படியானால் என் கணினியில் கோப்பு இருந்ததே? அது, முந்தின நாள் வெறும் நிரலாக ஓட்டியபோது எழுதிய பழைய கோப்பு. பொட்டலத்தையும் இழுத்துவந்து அதே அடைவில் வைத்து ஓட்டிவிட்டு, தேதிகூடப் பார்க்காமல் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தேன்.

‘நிரல் இருக்கும் இடம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘எக்ஸ்இ கோப்பு இருக்கும் இடம்’ என்று மாற்றினேன். ஒரு வரி. மறுபடி கட்டினேன். கோப்பு ஒழுங்காக மேசையில் வந்து உட்கார்ந்தது. அண்ணாச்சியிடம் போய், தப்பு என்னுடையதுதான் என்று மெதுவாகச் சொன்னேன். மெதுவாக என்றால், அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. கேலி செய்தது ஊருக்குக் கேட்க, மன்னிப்பு காதுக்குள். நீதி இல்லைதான்.

அவரும் நீதிக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில் ஒரு விளம்பரம்: ‘காணவில்லை. பெயர்: பாபநாசம் அணை. கடைசியாகப் பார்த்த இடம்: இணையதளப் பொறுப்பாளரின் பொட்டலம். கண்டுபிடித்துத் தருவோருக்குக் கம்பளி இலவசம்.’

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில், கொக்கிரகுளம் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேதான் அந்த யோசனை வந்தது. அண்ணாச்சிக்கு எது வலிக்கும்? திட்டினால் வலிக்காது, திட்டில் ஒரு சொல் தப்பாக இருந்தால் வலிக்கும். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையில் ‘குளிர்பாணம்’ என்று கண்டால் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிற மனிதர். அவர் தினமும் பார்த்தே ஆக வேண்டிய ஒரு ஜன்னல் என் கையில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்துகளை அவர் தொட முடியாது. தாள் என்றால் வட்டம் போடலாம். எக்செல் என்றால் அழித்து எழுதலாம். எக்ஸ்இயோ கட்டி மூடிய பொட்டலம். பிழை உள்ளே இருக்கும், அவர் வெளியே இருப்பார், நடுவில் கண்ணாடி. சாப்பாட்டுக் கடை அலமாரிக்கு முன்னால் பசித்தவனை உட்கார வைத்த மாதிரி.

நான்கு நாள் வேலை செய்தேன். ஜன்னலில் வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் பிழையை நட்டேன். நாற்று நடுகிறவன் வரிசை பிடிப்பதுபோல், ஒரு ர, ஒரு ல, ஒரு ண என்று மாற்றி மாற்றி. நோட்டில் எண் போட்டுக் குறித்துக்கொண்டேன். முதல் பிழை பொட்டலத்தின் பெயரிலேயே: ‘துறுவி’. தட்டியதும், ‘சற்று பொருக்கவும்’. அடுத்து, ‘அனை நீர்மட்டம் எடுக்கப்படுகிறது’. பிறகு ‘மலை அளவு எடுக்கப்படுகிறது’. அப்புறம் எனக்கே மிகவும் பிடித்தது: ‘உளவர் சந்தை விலை’. ஒற்றர்கள் கூடி வெண்டைக்காய் விற்கும் காட்சியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். இணையம் துண்டிக்கப்பட்டால் வருவதற்கு ஒன்று: ‘இணையம் இள்ளை. வயரை சரி பார்க்கவும்.’ கோப்பை எக்செல்லில் திறந்து வைத்துக்கொண்டே துருவியை ஓட்டினால் அதன்மேல் எழுத முடியாது. அதற்கும் ஒன்று: ‘கோப்பை திறந்து வைத்திருக்கிரீர்கள். மூடி விட்டு வாறுங்கல்.’ எழுத்தின் அளவை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். அண்ணாச்சிக்குக் கண்ணாடி போட்டாலும் கொஞ்சம் மங்கல். ஒரு பிழைகூட அவர் பார்வைக்குத் தப்பிவிடக் கூடாது.

மொத்தம் பதினேழு. கோப்பில் போய் அச்சேறும் எண்களையும் பெயர்களையும் மட்டும் தொடவில்லை. பகை எனக்கும் அவருக்கும். பாபநாசம் அணை என்ன பாவம் செய்தது?

புதன்கிழமை காலை பழைய பொட்டலத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். என் மேசையில் உட்கார்ந்துகொண்டு, கணினித் திரைக்கு மேலாகக் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தேன். அண்ணாச்சி இரண்டு தட்டு தட்டினார். கையை எடுத்தார். ஜன்னல் திறந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கழுத்து ஓர் அங்குலம் முன்னால் நீண்டது. வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, திரைக்கு அருகில் கொண்டுபோய் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

அந்தக் கை இறங்கிய அழகுக்காகவே இன்னொரு நான்கு நாள் உழைக்கலாம்.

வந்து சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. வியாழனும் வரவில்லை. பத்தேகாலுக்கெல்லாம் கட்டம் பக்கம் வடிவமைப்பவர்களுக்குப் போய்விட்டது. வெள்ளியன்று அவர் பக்கமாகப் போவதுபோல் போய்ப் பார்த்தேன். திரையில் பொட்டலத்தின் பெயர் ‘துருவி’ என்று இருந்தது.

“பேரை மாத்திட்டீயளோ அண்ணாச்சி?”

“தட்டச்சுப் பிள்ளை சொல்லிக் குடுத்துது. அது ஒண்ணைத்தான் வெளிய இருந்து மாத்த முடியுமாம்.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “மத்ததை மாத்த முடியாதோ?”

“முடியாது அண்ணாச்சி. கட்டி மூடியாச்சு.”

“சரி வே.”

அந்த ‘சரி வே’யில் ஒரு வருத்தமும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சனிக்கிழமை இன்னொரு அதிசயம் பார்த்தேன். அண்ணாச்சி மேசைக்கடியில் குனிந்து, கணினியின் பின்னாலிருந்த இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, மேலே வந்து துருவியைத் தட்டினார். தாளில் ஏதோ எழுதினார். திரும்பக் குனிந்து வயரைச் செருகினார். மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, என் பழி பலித்துவிட்டது என்று முடிவு செய்து, அன்று மதியம் கூடுதலாக ஒரு வடை சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலாளர் வந்து அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். அண்ணாச்சி முதலில் அன்றைய கோப்பை எக்செல்லில் திறந்தார். பிறகு அதை மூடாமலே துருவியைத் தட்டினார். பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

‘சற்று பொருக்கவும்.’

மேலாளரின் புருவம் ஏறியது. ‘அனை’ வந்தது. ‘மலை’ வந்தது. ‘உளவர் சந்தை’ வந்தபோது அவர் குனிந்து மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கடைசியில் ஜன்னல் முழுக்கப் பெரிய எழுத்தில்: ‘கோப்பை திறந்து வைத்திருக்கிரீர்கள். மூடி விட்டு வாறுங்கல்.’

“எந்தக் கோப்பை?” என்றார் மேலாளர். “காப்பிக் கோப்பையா?”

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார்.

“ஒரு பத்திரிகை ஆபீஸ்ல இது என்ன தமிழ்? இங்கன புரூஃப் பாக்குதது நீங்கதானே? உங்க மூக்குக்கு முன்னால தினமும் இது நிக்குது, நீங்க பாத்துக்கிட்டு இருந்தீயளா? இதுக்கு வள்ளியூரே மேல்.”

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘சார், அது என் வேலை’ என்றால் போதும். சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடுகள் எல்லாம் ஒன்றாகக் கணக்குத் தீர்வதுபோல் இருந்தது. வள்ளியூர்ப் பஸ்ஸில் ஜன்னலோரத்தில் அண்ணாச்சி உட்கார்ந்து போவதுகூடத் தெரிந்தது. அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அண்ணாச்சி இழுப்பறையைத் திறந்தார். ஒரு முழுத்தாளை எடுத்தார்.

“சார், இது முதல் புரூஃப்,” என்றார். “அச்சுக்குப் போறதுல ஒரு பிழையும் கிடையாது, அஞ்சு நாள் கட்டத்தையும் எடுத்துப் பாக்கலாம். இது ஜன்னல்ல வார எழுத்து. திருத்தம் எழுதி வச்சிருக்கேன்.”

மேலாளர் வாங்கிப் பார்த்தார். வரிசை எண், பிழை, திருத்தம், எப்போது வருகிறது என்று நான்கு பத்தி பிரித்து, கோடு போட்டு எழுதியிருந்தது.

“ ‘இணையம் இள்ளை’யா? இது எப்போ வருது? நான் பாக்கலையே.”

“வயரைப் பிடுங்கினா வரும் சார். எல்லா எழுத்தையும் வெளிய கொண்டு வந்து பாக்காண்டாமா? இப்பம் வந்துதே கோப்பை, அது கோப்பை மூடாம தட்டினா வரும். உங்களுக்குக் காட்டத்தான் மூடாம தட்டினேன்.”

நிரல் எழுதுகிறவர்களின் உலகத்தில் இதற்குச் சோதனை என்று பெயர். அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வயரைப் பிடுங்கி நானே ஒருநாளும் பார்த்ததில்லை. நிரலின் ‘ந’ தெரியாத மனிதர், என் பொட்டலத்தின் ஒவ்வொரு மூலையையும் தட்டி, உள்ளே ஒளித்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே கூப்பிட்டிருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து அழுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஐந்து நாளும் அவர் விருந்து சாப்பிட்டிருக்கிறார்.

அண்ணாச்சி எக்செல்லை மூடினார். மறுபடி இரண்டு தட்டு தட்டினார். கோப்பு வந்தது. பத்து இருபதுக்குக் கட்டம் மேலாளர் கையில் இருந்தது. அவர் அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிழை இல்லை.

“நீங்க இங்கனயே இருங்க,” என்றார் அண்ணாச்சியிடம். என்னிடம் அந்தத் தாளை நீட்டினார். “இதெல்லாம் நாளைக்குள்ள சரியாகணும். இனிமே வெப்சைட்டுல ஒரு வரி ஏறணும்னாலும் அண்ணாச்சி பாத்துக் கையெழுத்து போட்ட பெறவுதான் ஏறணும்.”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பிரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

தேநீர்க்காரர் வந்தார். நல்லவேளை, பனி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி ஒன்றை எடுத்து ஊதிக் குடித்தார். முகத்தில் வெற்றியும் இல்லை, சிரிப்பும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று யோசிக்கிற முகம். அதுதான் என்னைக் கொன்றது. தோற்றதுகூடத் தாங்கும். எழுதத் தெரியாதவன் என்று இந்த மனிதர் நினைத்துக்கொண்டே முக்கூடல் பஸ் ஏறுவது தாங்காது. கடைசியாக ஒரு கல்லாவது எறிந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

“அண்ணாச்சி, ஒரு உண்மையைச் சொல்லுதேன்.”

“சொல்லும்.”

“அந்தப் பிழையெல்லாம் எனக்குத் தெரியாம வந்தது இல்ல. வேணும்னே போட்டேன். உங்களைப் பழிவாங்கத்தான். அந்தப் பனிக்கு, அந்தக் கம்பளிக்கு, காணவில்லைக்கு. நோட்டுல கணக்கு வச்சு, எண்ணி, பதினேழு பிழை போட்டேன். எனக்கும் தமிழ் தெரியும் அண்ணாச்சி.”

அவர் டம்ளரை வைத்தார். கையை நீட்டினார். மடித்த தாளை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை, பிரித்துப் பார் என்று விரலால் காட்டினார். பிரித்தேன். கடைசி வரியின் எண் இருபத்து மூன்று. என் பதினேழும் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே நடுவே, நான் நடாமலே முளைத்தவை இருந்தன. சற்றுப் பொறுக்கவும்: ‘ப்’ இல்லை. வயரைச் சரிபார்க்கவும்: ‘ச்’ இல்லை. கோப்பைத் திறந்து: ‘த்’ இல்லை. ‘த்’ விழுந்ததால்தான் கோப்பு, காப்பிக் கோப்பையாகியிருக்கிறது. ஆறு இடத்தில் ஒற்று இல்லை. ஆறிலும் அதே முத்து முத்தான கையெழுத்து.

நான் எண்ணி முடிக்கும்வரை அண்ணாச்சி காத்திருந்தார். பிறகு சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டே கேட்டார்:

“அப்போ மிச்சம் ஆறு யாருது வே?”